மறுத்துப் பார்த்தால் தெரியும்

ஜிமேட் போன்ற தேர்வுகளில் வரும் சிறு பத்தி இப்படி இருக்கும்: ‘சந்திப்பில் வேகக் கேமரா பொருத்தினார்கள், அடுத்த ஆண்டே விபத்துகள் பாதியாகக் குறைந்தன. எனவே கேமராதான் காரணம்.’

இதில் சொல்லாமல் விட்ட அனுமானம் எது? ‘அங்கே வாகனங்களின் எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை’ என்ற விடையை மறுத்துப் பாருங்கள். வாகனங்களே பாதியாகியிருந்தால் முடிவு ஆட்டம் கண்டுவிடும். ஆகவே அதுதான் அனுமானம். அருகில் புறவழிச்சாலை திறந்தார்கள் என்ற தகவல் வாதத்தைப் பலவீனப்படுத்தும். கேமரா இல்லாத பக்கத்துச் சந்திப்பில் விபத்துகள் குறையவில்லை என்பது வலுவூட்டும். நிரூபிக்காது, வினாவும் அவ்வளவு கேட்கவில்லை.

பலர் சறுக்குவது ‘கேமராவுக்குச் செலவு அதிகம்’ என்ற விடையில்தான். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் விபத்து ஏன் குறைந்தது என்பதை அது தொடவே இல்லை.