இரண்டு பெண்களுக்குப் பிறகு

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் உத்தியோகத்தின் பொருட்டுக் குடியேறியுள்ள நம்மவர் இல்லங்களில் பெரியவர்கள் ஆண்டுக்கொருமுறை வந்து தங்குவது வழக்கம். சொந்த ஊரில் நேரிற் கேட்கத் தயங்கிய கேள்விகளை அவர்கள் இங்கே, மகன் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, மெல்லக் கேட்பார்கள். இரண்டு பெண் குழந்தைகள் உள்ள வீடாயின் அந்தக் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "இன்னும் ஒரு முறை பார்க்கக் கூடாதா?" இக்கேள்வியைக் கேட்பவர் கொடியவர் அல்லர், பெரும்பாலும் பேத்திகளைத் தோளில் தூக்கி வளர்த்தவரே. ஆயினும் அதற்கு விடை கூற வேண்டிய தம்பதிகள் படும் பாடு சிறிதன்று. எனவே அந்த "ஒரு முறை" என்பதன் பொருள் என்ன என்று சற்று ஆராய்வோம்.

நான் நன்கறிந்த ஒரு குடும்பத்தையே எடுத்துக்கொள்கிறேன். கணவர் மத்திய அரசாங்க அலுவலகம் ஒன்றில் பணிபுரிபவர். கும்பகோணத்தை அடுத்த ஒரு கிராமத்தவர். மனைவிக்கு வயது 34. மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது, இளையவளுக்கு ஐந்து. இரண்டு பிரசவங்களும் சிசேரியன் அறுவை மூலம் ஆனவை. மாமனாரும் மாமியாரும் மார்கழி முடிந்ததும் வந்தார்கள். வந்த இரண்டாம் வாரமே பேச்சுத் தொடங்கிற்று. "இரண்டு பெண்ணுக்குப் பிறகு மூன்றாவது நிச்சயம் பிள்ளைதான்" என்பது மாமியாரின் திடமான நம்பிக்கை. அதற்குத் தம் அக்காள் வீட்டையும் ஓரகத்தி வீட்டையும் சான்று காட்டினார்.

இயற்கை அப்படிக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. தாயின் கருமுட்டையில் எப்போதும் எக்ஸ் என்னும் குரோமோசோமே உண்டு. தந்தையின் விந்தணுக்களிலோ சிலவற்றில் எக்ஸும் சிலவற்றில் ஒய்யும் இருக்கின்றன. ஒய் உடையது கருமுட்டையோடு சேர்ந்தால் ஆண். எக்ஸ் உடையது சேர்ந்தால் பெண். ஆகவே பெண்ணாய்ப் பெற்றாள் என்று மருமகளைக் குறை கூறுவதற்கு இம்மியளவும் இடமில்லை. முன்பு பிறந்தவை எவை என்பது அடுத்த கருவுக்குத் தெரியவும் தெரியாது. பொதுவாக 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது ஒவ்வொரு முறையும் ஆண் பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறக்குறைய 51. சில குடும்பங்களில் ஒரே பாலாகப் பிறக்கும் சிறு சாய்வு உண்டு என்று 2025-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. அது மெய்யேயாயினும் மாமியாருக்கு அனுகூலமன்று. பெண்களுக்குப் பின் மீண்டும் பெண் என்ற பக்கமே அச்சாய்வு இருக்கிறது.

இனி ஒரு சிறு கணக்கு. இரண்டு பெண்கள் மட்டுமே உள்ள 100 தம்பதிகள், "பிள்ளை பிறக்கும் வரை" என்று முயல்வதாகக் கொள்வோம். மூன்றாம் பேற்றில் 51 வீடுகளில் ஆண் பிறக்கும். 49 வீடுகளில் மூன்றாவது பெண். அந்த 49 வீட்டாரும் மீண்டும் முயன்றால் 25 வீடுகளில் ஆண். 24 வீடுகளில் நான்காவது பெண். அந்த 24 பேரும் விடாது முயன்றால் 12 வீடுகளில் ஐந்து பெண்கள் இருப்பார்கள், பிள்ளை இன்னும் இல்லை. இவ்வாறு புதிதாகப் பிறந்த 173 குழந்தைகளில் 88 பேர் ஆண்கள், 85 பேர் பெண்கள். வேண்டி நின்ற 88 பேரை அடைய, வேண்டாது பிறந்தவர் 85 பேர்! "ஒரு முறை" என்ற சொல் ஏறத்தாழப் பாதி வீடுகளில் ஒரு முறையோடு நிற்பதில்லை என்பதே இக்கணக்கின் சாரம்.

2018 சனவரியில் வெளியான மத்திய அரசாங்கத்தின் பொருளாதார ஆய்வறிக்கை இதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதிற்று. அவ்வாண்டு அறிக்கையின் மேலட்டை இளஞ்சிவப்பு நிறத்தில் அமைந்திருந்தது பலருக்கு நினைவிருக்கலாம். கருவிலேயே பெண்ணை அழிப்பது ஒருபுறமிருக்க, அழிக்காமலே, மகன் பிறக்கும் வரை பெற்றுக்கொண்டே போவதும் ஒரு தீங்கே என்று அது சுட்டிற்று. அவ்வறிக்கை ஆளும் தொடரைத் தமிழாக்குவது என் போன்ற மொழிபெயர்ப்பாளர்க்கு எளிதன்று. "மகனைக் கண்டபின் நிறுத்தும் விருப்பம்" என்று விரித்துச் சொன்னால்தான் விளங்கும். இவ்விருப்பத்தின் பயனாகப் பிறந்து, 25 வயது வரையுள்ள பெண்கள் இந்நாட்டில் சுமார் 2 கோடியே 10 லட்சம் பேர் என்று அறிக்கை மதிப்பிட்டது. இவர்கள் பிறந்த வீடுகள் பெரிய குடும்பங்கள். ஆகவே பாலும் படிப்பும் பங்காகக் குறைகின்றன. அதிலும் கடைசியிற் பிறந்த தம்பிக்கே முதற் பங்கு. மகாராஷ்டிரத்தில் வாழும் அன்பர்கள் "நகுஷா" என்ற பெயரைக் கேட்டிருக்கலாம். "வேண்டாதவள்" என்பது பொருள். 2011-ல் சாத்தாரா மாவட்டத்தில் இப்பெயர் தாங்கிய 285 சிறுமியர்க்கு அரசாங்கமே விழா எடுத்து வேறு பெயர் சூட்டிற்று. நம் ஊர்ப்பக்கத்து "போதும்பொண்ணு" அவளுக்குத் தமக்கைதானே!

நாம் எடுத்துக்கொண்ட குடும்பத்துக்கு மீள்வோம். அம்மனைவியின் உடல்நிலை பற்றி அக்கூடத்தில் எவரும் பேசவில்லை. இரண்டு சிசேரியன் ஆனபின் மூன்றாம் கருவுறுதல் சாதாரணச் செய்தியன்று. பழைய தையல் தழும்பின்மேல் நஞ்சுக்கொடி படிந்து, கருப்பையின் சதைக்குள் ஊடுருவிவிடும் அபாயம் ஒவ்வோர் அறுவைக்கும் உயர்ந்துகொண்டே போகிறது. அவ்வாறு நேர்ந்தால் பிரசவத்தின்போது கடும் இரத்தப்போக்கு உண்டாகும். சில வேளை கருப்பையையே எடுத்துவிட நேரும். மருத்துவ அம்மையார் இதை முன்பே சொல்லியிருந்தார். ஆயினும் மருமகள் தன் வாயாற் சொன்னால் அது சாக்குப்போக்காகத் தோன்றுமே என்று வாளாவிருந்தாள்.

இதற்கிடையில் அடுத்த வீட்டு வடநாட்டு அம்மாள் ஒரு வழி கூறினார். கருவுற்ற இரண்டாம் மாதத்தில், காளைக்கன்று ஈன்ற பசுவின் பாலோடு ஒரு பொடியை உட்கொண்டால் பிள்ளை பிறக்குமாம். அரியானா முதலிய இடங்களில் இப்பொடி இரகசியமாக விற்கப்படுகிறது. கரு உண்டாகும் கணத்திலேயே ஆண் பெண் என்பது முடிவாகிவிடுவதால், இரண்டாம் மாதத்தில் எந்தப் பொடியும் அதை மாற்றாது. ஆனால் கெடுதல் செய்யக்கூடும். அரியானாவில் இப்பொடிகளைச் சோதித்தவர்கள், பெண் சுரப்புநீரை ஒத்த தாவரப் பொருள்களும் ஈயம் போன்ற உலோகங்களும் சிலவற்றில் இருப்பதைக் கண்டார்கள். உண்ட தாய்மாரிடையே ஊனமுற்ற பிறப்பும் இறந்து பிறத்தலும் மிகுந்திருப்பதையும் கண்டார்கள்.

இன்னொரு வழியும் காதில் ஓதப்படுவதுண்டு. "ஸ்கேன் செய்து பார்த்துக்கொள்ளலாமே" என்பது அது. 1994-ஆம் ஆண்டுச் சட்டமும், கருவுறுமுன்னரே பாலைத் தெரிந்தெடுப்பதையும் தடுத்து 2003-ல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தமும் இதைக் குற்றமாக்கியுள்ளன. பாலை அறிவித்த மருத்துவர் மட்டுமல்லாமல் அதை நாடிச் சென்ற உறவினரும் தண்டனைக்கு உரியவரே; அவ்வுறவினர் மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் அடையலாம். பிணையில் விடுவது உரிமையன்று. இச்சட்டத்தில் பலரும் அறியாத ஒரு பிரிவு உண்டு. கருவுற்ற பெண் இச்சோதனைக்கு உட்பட்டிருந்தால், கணவனோ உறவினரோ அவளைக் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் முதலிற் கொள்ளும். அப்படியல்ல என்று மெய்ப்பிப்பது எதிர்த்தரப்பின் பொறுப்பு. கூடத்தில் நடப்பது என்னவென்று சட்டம் இயற்றியவர்கள் அறிந்தே இருந்தார்கள் போலும்!

பொடியையும் ஸ்கேனையும் கணவர் அன்றே மறுத்துவிட்டார். ஆனால் தந்தையின் வாட்டம் தீரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைப் பூங்காவுக்கு அழைத்துச் சென்று, "அப்பா, மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் அப்போது போதும் என்பீர்களா?" என்று கேட்டார். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னவை இரண்டு: எனக்குப் பின் உனக்கு யார் கொள்ளி வைப்பார்? ஊரிலுள்ள வீடும் நிலமும் யாருக்குப் போகும்?

என் கருத்தில், பெரியவர்களோடு பேச வேண்டியது இவ்விரண்டையுமே. ஆணா பெண்ணா என்ற வாதத்தை அல்ல. கொள்ளியைப் பொறுத்தவரை, மகள் வயிற்றுப் பேரன் நீர்க்கடன் செய்வதைப் பழைய தர்ம சாத்திரங்களே ஒப்புகின்றன. மகளே தீ மூட்டுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. பல ஊர்களில் இன்று அது நடந்தும் வருகிறது. நிலத்தைப் பொறுத்தவரை செய்தி இன்னும் தெளிவானது. இந்து கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1989 முதலே, அந்நாளில் மணமாகாதிருந்த பெண்களுக்கு நடைமுறையில் உள்ளது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதும் மகள், மகனைப் போலவே பிறப்பினால் பங்காளி. அந்நாளில் தந்தை உயிரோடிருந்தாரா என்பது பொருட்டல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. முதுமையில் பெற்றோரைப் பேணும் கடமையையும் 2007-ஆம் ஆண்டுச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்தி ஆகிய அனைவர் மீதும் சுமத்தியிருக்கிறது. ஆகவே அந்த ஐந்து வயதுச் சிறுமி கும்பகோணத்து வயலுக்கு வேற்றாள் அல்லள்; தன் தந்தையின் பங்கில் அவள் ஏற்கனவே உரியவள். பெரியவருக்கு இது புதிய செய்தி. பட்டா யார் பெயரில் இருக்கிறது, வரி இரசீது எங்கே என்று அன்று மாலை முழுவதும் அதையே பேசினார்.

மனைவியின் மருத்துவச் சீட்டைத் தாயிடம் படித்துக் காட்டியதும் கணவரே. இத்தகைய செய்தியைப் பெற்ற மகன் சொன்னால் தாய் ஒருவாறு ஏற்கிறாள். மருமகள் சொன்னால் பிணக்கு நேர்கிறது. பல வீடுகளில் கணவன்மார் வாய் திறவாமல், "அம்மா அப்படித்தான் சொல்லுவார்கள், நீ பொறுத்துக்கொள்" என்று மனைவியிடம் மட்டுமே பேசுகிறார்கள். பேச்சு ஓயாமைக்கு அதுவே பெருங்காரணம்.

அவர் இன்னொன்றும் செய்தார். இருவரும் கலந்து முடிவு செய்தபின், ஆண்களுக்குரிய கத்தியில்லாக் கருத்தடைச் சிகிச்சையை அரசாங்க மருத்துவமனையிற் செய்துகொண்டார். மரத்துப்போகச் செய்து, சில நிமிடங்களில் முடியும் சிகிச்சை. அன்றே வீடு திரும்பலாம். இரண்டு அறுவைகள் கண்ட மனைவிக்கு மூன்றாவது ஒன்று வேண்டாமென்பது அவர் எண்ணம். உடனே பலன் கிட்டிவிடுவதில்லை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: மூன்று மாதம் வரை வேறு தடுப்பு முறையைக் கையாண்டு, பின் விந்துப் பரிசோதனையில் அணுக்கள் இல்லை என்ற சான்றைப் பெற்ற பின்னரே நிம்மதி கொள்ளலாம். அச்சான்று வந்தபோது பெரியவர்கள் ஊர் திரும்பியிருந்தார்கள். மாமியார் இன்றும் தொலைபேசியில் பெருமூச்சு விடுவதுண்டு. மாமனார் விட்ட கடிதத்தில், நிலத்துக் கணினிப் பட்டாவின் நகலும், பேத்திகள் இருவரின் முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் எழுதியனுப்புமாறு ஒரு வரியும் இருந்தன.