பயிரின் வேருக்குள் நுழையும் சுடுமல்லி

சோளக் காட்டிலும் கரும்புத் தோட்டத்திலும் சில சமயம் புரியாத வாட்டம் ஒன்று தெரியும். மண்ணில் ஈரம் இருக்கும். பயிரோ தண்ணீரே காணாததுபோல் துவண்டு நிற்கும். இலை மஞ்சளாகி ஓரம் கருகும். பக்கத்துப் பாத்தியில் பயிர் இடுப்பளவு வளர்ந்திருக்க, இங்கே முழங்காலைத் தாண்டாது. சில வாரம் கழித்து அந்தப் பயிரின் அடியில், ஒரு சாண் உயரத்தில், வெள்ளைப் பூ பூத்த சிறு செடிகள் தலைகாட்டும். அதுதான் சுடுமல்லி. தாவரவியலில் இதன் பெயர் ஸ்ட்ரைகா ஏசியாட்டிகா.

பச்சை இலையோடு இருப்பதால் சாதாரணக் களை என்றே தோன்றும். சாதாரணக் களை பயிரோடு போட்டி போட்டு மண்ணிலிருந்து சத்தை எடுக்கும். சுடுமல்லி பயிருக்குள்ளிருந்தே எடுக்கிறது. மண்ணுக்கு மேலே நாம் அதைப் பார்க்கும்போது, அது பயிரின் வேரில் ஒட்டி ஒரு மாதத்துக்கும் மேலாகியிருக்கும். சேதத்தில் பெரும்பகுதி அதற்குள் முடிந்துவிடும்.

இதன் விதை கால் மில்லிமீட்டர்தான் இருக்கும். தூசிபோல் காற்றிலும் பாசன நீரிலும் கலப்பையில் ஒட்டிய மண்ணிலும் பரவும். ஒரே செடி பல்லாயிரம் விதைகளை உதிர்க்கும். அவை பத்து ஆண்டுக்கு மேலும் மண்ணில் உயிரோடு கிடக்கும். இவ்வளவு சிறிய விதைக்குள் இருக்கும் உணவு முளைத்த பிறகு சில நாளுக்குத்தான் வரும். அதற்குள் ஒரு பயிரின் வேரைத் தொட்டாக வேண்டும், இல்லையென்றால் சாவுதான். எனவே, பக்கத்தில் வேர் இருக்கிறது என்பதற்கு அடையாளம் கிடைக்காமல் அது முளைப்பதே இல்லை. ஈரமும் வெப்பமும் பட்டு ஒன்றிரண்டு வாரம் பதமான பிறகும் அந்த அடையாளத்துக்காகக் காத்திருக்கும்.

அந்த அடையாளத்தை அனுப்புவது பயிர்தான். வேரிலிருந்து மிக மிகக் குறைந்த அளவில் கசியும் ஸ்ட்ரைகோலாக்டோன் என்னும் வேதிப்பொருள் அது. 1966இல் இந்த வகையின் முதல் பொருளைப் பருத்தி வேரின் கசிவிலிருந்து பிரித்தெடுத்தார்கள். தன்னை அழிக்கும் செடியைப் பயிர் ஏன் எழுப்ப வேண்டும் என்ற கேள்வி அதன்பின் நாற்பது ஆண்டு நின்றது. 2005இல் ஜப்பானின் அகியாமாவும் அவருடைய குழுவினரும் விடை கண்டார்கள். பயிர் உண்மையில் அழைப்பது மண்ணில் வாழும் ஒரு நல்ல பூஞ்சையை. நம் விவசாயிகள் ‘வேம்’ என்று வாங்கி இடும் வேர் உட்பூசணம் அந்த வகைதான். அது வேரோடு சேர்ந்து வாழ்ந்து மணிச்சத்தைத் தேடிக் கொண்டுவந்து தரும். மண்ணில் மணிச்சத்து குறையக் குறைய, பயிர் இந்த அழைப்பை அதிகமாக அனுப்பும். சுடுமல்லி அதை ஒட்டுக் கேட்டு முளைக்கிறது. வளம் குன்றிய நிலங்களில் இதன் தொல்லை கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

முளைத்த வேர் நுனி பயிரின் வேருக்கு அருகே வந்ததும், அந்த வேரிலிருந்து வரும் வேறு வேதிப்பொருள்கள் அதன் வடிவத்தையே மாற்றுகின்றன. நுனி வீங்கி, பிசுபிசுப்பான மயிர்கள் முளைத்து, பயிரின் வேரைப் பற்றிக்கொள்கிறது. இதுதான் உறிஞ்சு உறுப்பு, ஹாஸ்டோரியம் என்பார்கள். இது பயிர் வேரின் புறணியைத் துளைத்து, தண்ணீரையும் தாது உப்புகளையும் மேலே கடத்தும் சைலம் குழாய்வரை போகிறது. அங்கே தன் செல்களை அந்தக் குழாய்க்குள்ளேயே நுழைத்து, தன் குழாயைப் பயிரின் குழாயோடு இணைத்துவிடுகிறது.

குழாய் இணைந்தால் மட்டும் தண்ணீர் வந்துவிடாது. பயிரைவிட வலுவாக இழுக்க வேண்டும். வறட்சி வந்தால் சோளமும் மக்காச்சோளமும் இலைத்துளைகளை மூடி நீரைச் சேமிக்கும். ஒட்டுண்ணியின் இலைத்துளைகளோ அப்போதும் பெரும்பாலும் திறந்தே கிடக்கும். அதன் இலையிலிருந்து நீர் ஆவியாகிக்கொண்டே இருப்பதால், பயிரின் நீர் அதன் பக்கமே ஓடுகிறது. ஈர மண்ணிலும் பயிர் வாடுவது இதனால்தான். இழப்பு இதோடு முடிவதில்லை. பயிரின் ஒளிச்சேர்க்கை குறைகிறது. தண்டு வளர்ச்சி தடைபடுகிறது. ஒட்டுண்ணி எடுத்துக்கொண்ட நீரையும் சத்தையும் கணக்கிட்டால், பயிருக்கு நேரும் நஷ்டம் அதைவிட அதிகமாகவே இருக்கிறது.

அம்மையார் கூந்தல் என்னும் கஸ்குட்டாவின் வழி வேறு. இலையில்லாத மஞ்சள் கொடியாகப் பயிர்மேல் படரும் இது தண்டைத்தான் துளைக்கும். சைலத்தோடு நிற்காமல், இலையில் தயாரான சர்க்கரையைக் கடத்தும் ஃபுளோயத்தையும் பிடித்துக்கொள்ளும். இதன் விதை எந்த அடையாளத்துக்கும் காத்திருக்காமல் முளைக்கும். முளைத்த பிறகு பயிரைத் தேடும். தக்காளிச் செடியின் வாசனையை மட்டும் வைத்தே அதன் பக்கம் இந்த முளை வளைவதை 2006இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். பிடி கிடைத்ததும் அதன் சொந்த வேர் காய்ந்துபோகும். இது கண்ணுக்குத் தெரியும் எதிரி என்பதால், படர்ந்த பயிரோடு சேர்த்து அறுத்து எரிக்கலாம். சுடுமல்லியிடம் அந்த வசதி இல்லை.

அதை ஒழிக்க முடியுமா? 1956இல் அமெரிக்காவின் வட, தென் கரோலினா மாநிலங்களில் மக்காச்சோள வயல்களில் சுடுமல்லி கண்டுபிடிக்கப்பட்டது. காலப்போக்கில் நான்கு லட்சம் ஏக்கருக்கும் மேல் பாதிப்பு இருப்பது தெரியவந்தது. அரசு அந்தப் பகுதியிலிருந்து மண்ணும் கருவிகளும் வெளியேறாமல் கட்டுப்படுத்தியது. செடி பூக்கும் முன் களைக்கொல்லி தெளித்தது. கூடவே, டிராக்டரில் பொருத்திய கருவியால் மண்ணுக்குள் எத்திலீன் வாயுவைச் செலுத்தியது. பயிரே இல்லாத நிலத்தில் அந்த வாயு பட்ட விதைகள் ஏமாந்து முளைத்து, பற்ற வேர் கிடைக்காமல் மடிந்தன. பல பத்தாண்டு உழைப்புக்குப் பின் பாதிப்பு சில ஆயிரம் ஏக்கராகச் சுருங்கியது.

இதற்கான பணம் எல்லா நாட்டிடமும் இல்லை. ஆப்பிரிக்காவில் ஊதாப் பூப் பூக்கும் இன்னொரு ஸ்ட்ரைகா சிறு விவசாயிகளின் சோளத்தையும் மக்காச்சோளத்தையும் அழிக்கிறது. கென்யாவில் உள்ள பூச்சியியல் ஆய்வு மையமான இசிபே, மக்காச்சோள வரிசைகளுக்கு நடுவே டெஸ்மோடியம் என்னும் தீவனப் பயறுச் செடியை வளர்க்கும் முறையைப் பரப்பியது. அதன் வேர்க்கசிவு ஸ்ட்ரைகா விதையை முளைக்கவைக்கும். ஆனால் முளைத்த வேர் பயிரைப் பற்றவிடாமல் தடுத்துவிடும். எத்தியோப்பியாவில் பிறந்த விஞ்ஞானி கெபிசா எஜெட்டா, ஸ்ட்ரைகாவைத் தாங்கும் சோள ரகங்களை உருவாக்கி 2009இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அவற்றுள் சில ரகங்களின் வேர், விதையை எழுப்பும் அழைப்பை மிகக் குறைவாகவே அனுப்புகிறது.

நம் ஊரில் இதே தத்துவத்துக்குப் பயிர் சுழற்சி கைகொடுக்கும். சுடுமல்லி வந்த நிலத்தில் மறுபடி மறுபடி சோளமோ கரும்போ போடாமல், இடையில் பருத்தி, நிலக்கடலை, தட்டைப்பயறு போடலாம். இவற்றின் வேர் விதையை எழுப்பும், ஆனால் சுடுமல்லிக்கு இடம் தராது. ஒரு பருவத்தில் விதைகள் தீர்ந்துவிடாது; பல பருவம் தொடர வேண்டும். கரும்பில் 2,4-டி களைக்கொல்லி பயன்படும். ஆனால் பக்கத்தில் பருத்தியோ வெண்டையோ இருந்தால் அதைத் தெளிக்கவே கூடாது, அவை கருகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. சுடுமல்லியைக் கண்டதும் பிடுங்குங்கள்; இந்த ஆண்டுப் பயிர் இனித் தேறாது என்று விட்டுவிடாதீர்கள். பூ காயாகும் முன் பிடுங்கி எரித்துவிடுங்கள். அந்த நிலத்தில் ஓடிய கலப்பையை மண் போகக் கழுவிய பிறகே அடுத்த நிலத்தில் இறக்குங்கள். இன்று விட்டுவிடும் ஒரு செடி பத்து ஆண்டுக்கான விதையை மண்ணில் போட்டுவிடும்.