சுருக்கத்தில் விடுபட்ட தேதி

அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காகச் சென்னையில் இயங்கும் கால் சென்டர்களுக்கு இரவுதான் வேலை நேரம். கோடையில் இங்கே இரவு 10 மணி என்றால் நியூயார்க்கில் பகல் 12.30. அழைப்பவர் முதலில் சாட்பாட்டுடன் தட்டச்சில் பேசுகிறார். அதனால் முடியாதபோது உரையாடல் மனிதரிடம் வருகிறது. ஊழியரின் திரையில் தெரிவது அதன் மூன்று வரிச் சுருக்கம்.

ஒரு கற்பனைக் கதை. விடியற்காலை 3 மணி. “கார்டு தொலைந்தது. புது கார்டு வேண்டும். முகவரி மாற்றம்” என்கிறது சுருக்கம். “முகவரி மாற்றம்தானே?” என்று ஊழியர் கேட்க, வாடிக்கையாளர் ஆம் என்கிறார். புது முகவரிக்குக் கார்டு கிளம்புகிறது. வாடிக்கையாளர் சாட்பாட்டிடம் எழுதியிருந்ததோ, “20ஆம் தேதிதான் வீடு மாறுகிறேன், அதுவரை பழைய முகவரிதான்.” கார்டு ஆளில்லாத வீட்டு வாசலில் கிடக்கிறது.

சுருக்கத்தில் பொய் எதுவும் இல்லை, சிக்கலே அங்கேதான். சுருக்கும் மென்பொருள் கோரிக்கையைப் பிடித்துக்கொள்ளும். ‘அதுவரை’, ‘மட்டும்’, ‘தவிர’ போன்ற நிபந்தனைகளை நழுவவிடக்கூடும். தவறாகச் சேர்த்த தகவல் என்றால் வாடிக்கையாளரே மறுப்பார். விடுபட்டது கண்ணில் படாது. சுருக்கத்தை வைத்தே கேட்ட கேள்வியும் அதே ஓட்டையைத்தான் சுமந்தது.

ஓர் அழைப்புக்கு எத்தனை நிமிடம் என்று கணக்கெடுக்கும் வேலையில் மூல உரையாடலை முழுதும் படிக்க நேரமிருக்காது. அதில் தேதிகளையும் எண்களையும் மட்டும் கண்ணோட்டினால் அரை நிமிடம் போதும். “எந்த முகவரிக்கு, எந்தத் தேதிக்குள் அனுப்பட்டும்?” என்று திறந்த கேள்வியாகக் கேட்டிருந்தால், 20ஆம் தேதி அவர் வாயாலேயே வந்திருக்கும்.