வட்டி குறைந்ததா, குரைத்ததா?

பேருந்திலும் மருத்துவமனை வரிசையிலும் கைப்பேசியின் ஒலியை அணைத்துவிட்டுக் குறுங்காணொலி பார்ப்போர் பலர். செவித்திறன் குறைந்தவர்களுக்கோ வேறு வழியே இல்லை. இவர்களைப் பொருத்தவரை, பேசுபவர் வாய்மொழிந்தது செய்தியன்று. படத்தின் அடியில் ஓடும் வசன வரிகளே செய்தி. அவ்வரிகளில் ஓர் எழுத்தோ ஓர் எண்ணோ பிறழ்ந்தால், பேசியவர் சரியாகப் பேசினார் என்பதால் பயன் ஏதுமில்லை.

என் முன்னாள் மாணவர்கள் சிலர் பொருளாதாரச் செய்திகளை ஒரு நிமிடத்தில் விளக்கும் காணொலிகளை வெளியிட்டு வருகின்றனர். வெளியீட்டு நேரம் மாலை 6 மணி என முன்னரே குறித்துவிடுவார்கள். அதற்கு முன் வசன வரிகளைப் படித்துப் பார்ப்பது என் பொறுப்பு. எந்தப் பிழையைக் கணினி பிடிக்கும், எதைப் பிடிக்காது என்பது இப்பணியில்தான் எனக்குத் தெளிவாயிற்று.

பேச்சைக் கேட்டு எழுதும் வேலையை அவர்கள் 'விஸ்பர்' என்ற கட்டற்ற மென்பொருளிடம் ஒப்படைக்கின்றனர். ஓப்பன் ஏஐ நிறுவனம் 2022-இல் வெளியிட்ட இம்மென்பொருள் தமிழையும் அறியும். கட்டளை ஒரே வரிதான்:

```
whisper kaanoli.mp4 --language ta --model medium --output_format srt
```

இதில் `ta` என்று மொழியைச் சொல்லிவிடுவது முக்கியம். சொல்லாவிட்டால் முதல் 30 விநாடி ஒலியைக் கொண்டு மென்பொருளே மொழியை ஊகிக்கும். தொடக்கத்தில் இசை மட்டும் ஒலித்தால் அந்த ஊகம் தவறலாம். இசையும் மௌனமும் வரும் இடங்களில் யாரும் பேசாத ஒரு தொடரைத் தானே எழுதிவிடும் பழக்கமும் அதற்கு உண்டு. காணொலியின் இறுதியில் திடீரென ஒரு 'நன்றி' முளைத்திருந்தால், அது பேசியவர் சொன்னதுதானா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, ரெப்போ விகிதத்தை 6.5 விழுக்காட்டிலிருந்து 6.25 விழுக்காடாகக் குறைத்தது. அதை விளக்கிய காணொலியில் மாணவர் தெளிவாகவே பேசியிருந்தார். கணினி எழுதித் தந்ததோ இது:

```
3
00:00:09,200 --> 00:00:13,000
ரெப்போ விகிதத்தை ஆறரையிலிருந்து
ஆறு காலாக ரிசர்வ் வங்கி குரைத்தது
```

நாய் குரைக்கும், வங்கி குரைக்காது. ஆறு கால் பூச்சிக்கு உண்டு, வட்டிக்கு இல்லை. ஆனால் இந்த வரிகளை எழுத்துப் பிழைதிருத்தியில் இட்டால் அது ஒரு சொல்லையும் சுட்டாது. 'குரைத்தது' அகராதியில் உள்ள சொல். 'ஆறு', 'கால்' இரண்டும் அப்படியே.

இதன் காரணம் நம் எழுத்துமுறையிலேயே இருக்கிறது. 'க' என்ற ஓரெழுத்தை இடத்திற்கேற்பப் பலவாறு ஒலிக்கிறோம். கேட்டு எழுதும் இயந்திரத்துக்கு அதில் சிக்கலில்லை. எப்படி ஒலித்தாலும் எழுத்து ஒன்றே. சிக்கல் எதிர்த்திசையில் வருகிறது. ரகர றகரமும் னகர ணகரமும் இன்று பெரும்பாலோர் பேச்சில் ஒன்றாகிவிட்டன. ழகரத்தை ளகரமாக ஒலிப்போரும் மிகுதி. ஒலியில் இல்லாத வேறுபாட்டைச் சூழலைக் கொண்டுதான் இயந்திரம் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

ஊகம் தவறும்போது இருவகைப் பிழைகள் பிறக்கின்றன. 'தவணை' என்பது 'தவனை' என்றாகும்போது பிறப்பது பொருளற்ற சொல். நீச்சல்காரன் உருவாக்கிய 'வாணி' போன்ற பிழைதிருத்திகள் இதைப் பிடித்துவிடும். விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் ஒட்டி ஒட்டி நீளும் தமிழுக்கு வெறும் சொற்பட்டியல் போதாது என்பதால், புணர்ச்சி விதிகளையும் அறிந்த இத்தகைய கருவிகள் உண்மையான உதவி. ஆனால் 'விலை' என்பது 'விளை' என்றும், 'அறிந்து' என்பது 'அரிந்து' என்றும் மாறினால் பிறப்பது வேறொரு நல்ல சொல். இந்த இரண்டாம் வகையே ஆபத்தானது. சந்தியும் இப்படித்தான். 'வேலை கொடுத்தார்' என்பது பணி. 'வேலைக் கொடுத்தார்' என்பது கையில் வேல். எது சரி என்பதைச் சூழல் அறிந்தவரே சொல்ல முடியும்.

எனவே பிழைதிருத்தியில் இட்டு முடித்ததும், நாங்கள் சேர்த்துவைத்துள்ள ஐயச்சொற்களைக் கோப்பில் தேடுகிறோம்:

```
grep -nE 'குரை|விளை|அரிந்' kaanoli.srt
```

கிடைப்பவை எல்லாம் பிழைகள் அல்ல. 'விளைவு' என்ற நல்ல சொல்லும் சிக்கும். ஆயினும் கண் நின்று பார்க்க வேண்டிய இடங்களை இது காட்டிவிடும். பட்டியல் நீளும், ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு சேர்கின்றன.

எண்களுக்கு இந்த உதவியும் இல்லை. ஆறேகால், ஏழரை, முக்கால் என்று நாம் பேசும் பின்னங்களை இயந்திரம் எப்படி எழுதும் என்பதற்கு உறுதியில்லை. அதே காணொலியில் 'கால் சதவீதப் புள்ளி குறைந்தது' என்று மாணவர் சொன்னதை, அது 'கால் சதவீதம் குறைந்தது' என்று எழுதியது. எழுத்துப் பிழையோ சந்திப் பிழையோ இல்லை. ஒரு சொல் மட்டும் விடுபட்டது. ஆனால் 6.5-இல் கால் சதவீதம் குறைந்தால் கிடைப்பது ஏறத்தாழ 6.48, கால் சதவீதப் புள்ளி குறைந்தால்தான் 6.25. வீட்டுக் கடன் தவணையை மனத்தில் கொண்டு பார்ப்பவருக்கு இந்த வேறுபாடுதான் செய்தியே. ஆகவே பேச்சில் வரும் பின்னங்களை வசன வரிகளில் எண்களாகவே எழுதுவது என்றும், அவற்றை மூல அறிவிப்போடு ஒப்பிடுவது என்றும் வைத்துக்கொண்டோம். மேற்சொன்ன வரிகள் இப்படி வெளியாயின:

```
3
00:00:09,200 --> 00:00:13,000
ரெப்போ விகிதத்தை 6.5%-இலிருந்து
6.25%-ஆக ரிசர்வ் வங்கி குறைத்தது
```

பேசுபவர் முன்கூட்டியே உரையை எழுதிவைத்திருந்தால் இந்தப் பாட்டில் பாதி குறையும். இயந்திரம் தரும் நேரக் குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, சொற்களை எழுதிய உரையிலிருந்து எடுத்து நிரப்பலாம். காலத்தைக் கணிப்பதில் அது கெட்டிக்காரர், எழுத்தில்தான் தடுமாற்றம். ஆனால் ஒளிப்பதிவின்போது எவரும் உரையை அப்படியே பேசுவதில்லை என்பதால், ஒருமுறை ஒலியோடு கேட்டு ஒப்பிடுவதைத் தவிர்க்க இயலாது. அதன்பின் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை. ஒலியோடு பார்க்கும்போது காது, கண்ணை ஏமாற்றிவிடும். 'குரைத்தது' என்றிருப்பதைக் 'குறைத்தது' என்றே படித்துவிடுவோம்.

வசன வரிகளைத் தனிக் கோப்பாக இணைப்பதா, படத்திலேயே பதித்துவிடுவதா என்பதைப் பொருத்தே காலக்கெடுவின் கடுமை அமையும். தனிக் கோப்பை வெளியான பின்னும் மாற்றலாம். யூடியூபில் நேரம் குறித்த காணொலி அந்த நேரம் வரை பிறர் கண்ணில் படாது என்பதால், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தலாம். படத்தில் பதித்த எழுத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வெளியான பின் திருத்த வேண்டுமென்றால் காணொலியை நீக்கிப் புதிதாக ஏற்ற வேண்டும். பழைய இணைப்பும் பார்வைகளும் பின்னூட்டங்களும் போய்விடும். முன்னரே பகிரப்பட்ட பிரதிகளோ பிழையோடு உலவிக்கொண்டிருக்கும். ஆயினும் எழுத்தின் அளவையும் இடத்தையும் தாமே தீர்மானிக்கலாம் என்பதால் இளைஞர்கள் பதிப்பதையே விரும்புகின்றனர்.

அதனால் பிற்பகல் 4 மணிக்கு என்னிடம் வருவது வெறும் எழுத்துக் கோப்பு. திருத்தம் முடிந்த பின்னரே அதைப் படத்தில் பதிக்கிறார்கள். ஒரு நிமிடக் காணொலிக்கு எனக்கு 20 நிமிடம் ஆகிறது. எண்ணில் ஐயம் எழுந்து மூல அறிவிப்பு கிடைக்காமல் 5.30 ஆகிவிட்டால், வெளியீட்டு நேரத்தை மறுநாள் காலை 7 மணிக்கு மாற்றிவிடுகிறோம்.