பத்து வருட லேத் வேலைக்குச் சான்றிதழ் கிடைக்குமா?

"அண்ணே, பத்து வருஷமா மெஷின்ல நிக்கிறேன். ஆனா காட்டறதுக்குக் கையில ஒரு பேப்பர் இல்ல."

ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மலாக்காவின் பட்டறைகளுக்கு வந்த பல தம்பிகள் என்னிடம் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள். நான் லேத் பட்டறைகளில் 20 ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவன். இப்போது ஓய்வு நேரத்தில், திறன் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர்களின் கோப்புகளைப் பார்த்துத் தருகிறேன்.

மனிதவள அமைச்சின் கீழுள்ள திறன் மேம்பாட்டுத் துறை (ஜே.பி.கே.), 2006-ஆம் ஆண்டு தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்படி எஸ்.கே.எம். எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகிறது. இதில் மூன்று நிலைகள் உண்டு. சொன்னபடி வழக்கமான வேலையைச் செய்பவர் முதல் நிலை. பலவகை வேலைகளை ஓரளவு சுயமாகச் செய்பவர் இரண்டாம் நிலை. சிக்கலான வேலையைத் தானே தீர்மானித்துச் செய்து, மற்றவர்களுக்கும் வழிகாட்டுபவர் மூன்றாம் நிலை. அதற்கு மேலே டிப்ளோமாவும் உயர்நிலை டிப்ளோமாவும் நான்காம், ஐந்தாம் நிலைகள்.

இதைப் பெற மூன்று வழிகள் இருக்கின்றன. அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தில் படிப்பது ஒன்று. எஸ்.எல்.டி.என். திட்டத்தில் பயிற்சித் தொழிலாளியாகச் சேர்வது இன்னொன்று. இதில் பயிற்சியின் பெரும்பகுதி நிறுவனத்திலேயே நடக்கும், மிச்சம் பயிற்சி மையத்தில். மூன்றாவது பி.பி.டி., அதாவது முன்பே பெற்ற திறனுக்கு அங்கீகாரம். பத்து வருடத் தம்பிக்கு உரியது இதுதான். இதில் மீண்டும் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. அந்தத் தொழிலுக்கென வகுத்த தரத்தில் உள்ள ஒவ்வொரு திறன் பிரிவுக்கும், "இதை நான் செய்திருக்கிறேன்" என்பதற்கான ஆதாரங்களைக் கோப்பாகத் தொகுத்துக் காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் அதைப் பார்த்து, கேள்வி கேட்டு முடிவு செய்வார்.

சிக்கல் தொடங்குவது இந்த ஆதாரத்தில்தான். பலர் கொண்டுவருவது பளபளக்கும் உதிரிபாகங்களின் படங்கள். ஒரு படம் அந்தப் பொருளைக் காட்டும். செய்தவரின் திறனைக் காட்டாது.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். சி.என்.சி. லேத்தில் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்புத் தண்டு. வரைபடப்படி அது 20.000-க்கு மேலே போகக் கூடாது; 19.979-க்குக் கீழும் இறங்கக் கூடாது. இடைவெளி வெறும் 0.021 மில்லிமீட்டர். தெரிந்த ஆள் முதல் துண்டைச் சற்றுப் பெரிதாகவே விடுவார். பெரிதானதை மறுபடி சீவலாம். சிறிதானால் அது குப்பைதான். மைக்ரோமீட்டரில் 20.030 வருகிறது. அவர் குறி வைப்பது 19.990. வித்தியாசம் 0.040. கருவித் தேய்மானப் பக்கத்தில் X அளவை விட்டக் கணக்கில் 0.040 குறைத்து, அதே துண்டை மறுபடி ஓட்டி அளப்பார்.

அளக்கும் நேரமும் முக்கியம். சீவிய கையோடு தண்டு 30 டிகிரி கூடுதல் சூடாக இருந்தால், விட்டம் சுமார் 0.007 மில்லிமீட்டர் பெரிதாகக் காட்டும். அனுமதித்த இடைவெளியில் அது மூன்றில் ஒரு பங்கு. அந்தச் சூட்டு அளவை நம்பித் திருத்தினால், ஆறிய பிறகு தண்டு சிறுத்துவிடலாம்.

இந்த வேலைக்கான கோப்புப் பக்கத்தில் வரைபடம், பயன்படுத்திய கருவிகளின் பட்டியல், திருத்தத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகள், திருத்தியதற்கான காரணம், இயந்திரத்தில் அவர் நிற்கும் படம், மேலாளரின் கையெழுத்து எல்லாம் இருந்தால், மதிப்பீட்டாளருக்கு அவருடைய சிந்தனை தெரியும். "ஏன் 0.040?" என்று கேட்டால் பதிலும் தயாராக வரும்.

இந்த வழிக்கும் எல்லை உண்டு. பத்து வருடமும் பொருளை ஏற்றி, பச்சைப் பொத்தானை அழுத்தி, இறக்கியவரால் இயந்திரத்தைத் தயார்செய்யும் பிரிவுக்கு ஆதாரம் தர முடியாது. நான் கேட்கும் கேள்வி ஒன்றே: புது வேலை வந்தால், கருவி மாட்டிப் பூஜ்யப் புள்ளி வைப்பது நீங்களா, வேறு ஒருவரா? வேறு ஒருவர் என்றால், முதலில் அந்த வேலையைக் கேட்டு வாங்கிச் செய்து பழக வேண்டும்.

இன்னொன்று, வரைபடங்கள் வாடிக்கையாளரின் சொத்து. முதலாளியின் அனுமதி இல்லாமல் படமெடுத்துக் கோப்பில் வைக்கக் கூடாது. வேலை மாறும்போது கையெழுத்து வாங்குவதும் கஷ்டம். நான் பார்த்த ஒரு தம்பி மூன்று பட்டறை மாறியிருந்தார். முதல் இரண்டும் மூடிவிட்டன. கடைசி இரண்டு வருட வேலைக்கு மட்டுமே அவரால் ஆதாரம் காட்ட முடிந்தது. ஆறு வருட வேலைக்குச் சாட்சி சொல்ல ஆளில்லை.

ஆகவே சான்றிதழ் நினைப்பு வரும்வரை காத்திருக்காமல், இன்று செய்யும் வேலையிலிருந்தே தொடங்குங்கள். மாதம் ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அளவுகளைத் தேதியோடு எழுதி, அந்த வாரமே மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.