ஃபோம் ஒட்டியும் பக்கத்து வீட்டு சீரியல் ஏன் கேட்கிறது?

வீட்டில் உட்கார்ந்தே பாட்டு வகுப்பு எடுப்பவர்கள், யூடியூபுக்குப் பேசுபவர்கள், ஆடியோ புத்தகம் வாசிப்பவர்கள் எல்லாம் இப்போது நிறைய இருக்கிறார்கள். அறையைத் தயார் செய்யக் கிளம்பியதும் இவர்கள் முதலில் வாங்குவது, கூர்கூராக இருக்கும் கறுப்பு ஃபோம். கையில் காசு இல்லையென்றால் முட்டை அட்டை. சுவர் முழுக்க ஒட்டிவிட்டுப் பேசிப் பார்த்தால் குரல் தெளிவாக, கிட்டத்தில் கேட்கும். (இது ஃபோமுக்கு மட்டும்தான். முட்டை அட்டையால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் நடக்காது.) ஆனால் எதிர் ஃபிளாட்டில் ஓடும் சீரியல் வசனம் முன்பு எப்படிக் கேட்டதோ அப்படியேதான் கேட்கும், மைக்கிலும் பதிவாகும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபம் வரும். சில கடைகளில் அதைச் ‘சவுண்ட் ப்ரூஃப் ஃபோம்’ என்று சொல்லியே விற்கிறார்கள் என்பதால் கோபத்தில் நியாயமும் இருக்கிறது. ஃபோம் என்னவோ தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

அறைக்குள் எழும் சத்தம் சுவரில் பட்டுப் பட்டுத் திரும்புவது ஒரு பிரச்சினை. ஒரு பக்கத்துச் சத்தம் மறுபக்கம் போவது இன்னொரு பிரச்சினை. முதலாவதற்குச் சத்தத்தை உறிஞ்சும் பொருள் வேண்டும். இரண்டாவதற்கு அதை மறிக்கும் பொருள் வேண்டும். ஒன்றுக்கு நல்லதாக இருப்பது பெரும்பாலும் மற்றதற்கு உதவுவதில்லை.

1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரை மண்டபம் ஒன்றில், பேசுகிறவர் வாயை மூடிய பிறகும் ஐந்து விநாடிக்கு மேல் ஒலி சுழன்றுகொண்டிருந்தது. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த பத்துச் சொற்கள் வந்து மேலே விழுந்தால் யாருக்கு என்ன புரியும்? சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு தடவையும் ஒலி அடங்கும் நேரத்தை இரவில் அளந்தார். எந்தப் பொருள் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று சொல்ல ஓர் அளவுகோல் வேண்டுமே. அதற்கு அவர் எடுத்துக்கொண்டது திறந்த ஜன்னலை. அதில் போய் விழும் ஒலி திரும்பி வராது. ஆகவே உறிஞ்சுவதில் அதற்கு நூற்றுக்கு நூறு. அதே ஜன்னலுக்கு, பக்கத்து வீட்டுச் சத்தத்தைத் தடுப்பதில் எத்தனை மதிப்பெண் போடுவீர்கள்? பூஜ்யம்தான்.

பூசிய செங்கல் சுவர் இதற்கு நேர் எதிர். தன்மேல் விழும் ஒலியில் பெரும்பகுதியை அறைக்குள்ளேயே திருப்பி அடித்துவிடும். அதனால்தான் காலி அறை கணகணக்கிறது. மறுபக்கம் அது விடுவது மிகமிகக் கொஞ்சம். இருபுறமும் பூசிய நாலரை அங்குலச் சுவர் சுமார் 45 டெசிபல் குறைக்கும். அதாவது ஒலியின் ஆற்றலில் முப்பதாயிரத்தில் ஒரு பங்குதான் கடக்கிறது. இதற்குக் காரணம் எடை. அந்தச் சுவர் சதுர மீட்டருக்கு 250 கிலோவுக்குக் குறையாது. இரண்டு அங்குல ஃபோம் அதே பரப்புக்கு ஒன்றிரண்டு கிலோ. சுவரின் எடையை இரண்டு மடங்காக்கினாலே ஐந்தாறு டெசிபல்தான் கூடுதலாகக் கிடைக்கும் என்கிறபோது, ஒரு கிலோ ஃபோம் என்ன செய்துவிடும்?

சரி, சுவர்தான் இவ்வளவு நன்றாகத் தடுக்கிறதே, சீரியல் எப்படி வருகிறது? பொது நடையைப் பார்த்த ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நடைப்பக்கச் சுவர் கதவையும் சேர்த்து 10 சதுர மீட்டர். அதில் கதவு 2. கதவு உள்ளே கூடாக இருக்கும் சாதாரண ஃப்ளஷ் கதவு, அடியில் விரல் நுழையும் சந்து. இப்படிப்பட்ட கதவு தாராளமாகக் கணக்கிட்டால் 20 டெசிபல் தடுக்கும். நூறில் ஒரு பங்கு கடந்துவிடும். பரப்பையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், மீதி 8 சதுர மீட்டர் சுவர் முழுவதும் விடுவதைப்போல் எழுபது எண்பது மடங்கு அந்தக் கதவு ஒன்றே விடுகிறது. மொத்தத் தடுப்பு 45இலிருந்து 27 டெசிபலுக்கு இறங்கிவிடும். இந்த நிலையில் சுவரை இடித்து இரண்டு மடங்கு கனமாகக் கட்டினாலும் 27, 27தான். மாறாக, கனமான மரக்கதவு போட்டு, சட்டத்தைச் சுற்றி ரப்பர் கேஸ்கெட் வைத்து, அடிச்சந்தையும் அடைத்துக் கதவை 30 டெசிபலுக்குக் கொண்டுவந்தால் மொத்தம் 36ஐத் தாண்டும். காதுக்கு அது ஏறக்குறையப் பாதிச் சத்தம்.

ஓட்டை எங்கே என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். இரவில் அறைக்குள் விளக்கைப் போட்டு, வெளியே இருட்டாக்கிப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் சத்தமும் கசியும். பிறகு எதிர்ப்பக்கம் ஒரு ரேடியோவைப் பாடவிட்டு, கதவின் ஓரம், ஜன்னல் சட்டம், ஏ.சி. குழாய் போகும் துளை, சுவரின் இருபுறமும் ஒரே இடத்தில் பதித்த சுவிட்ச் பெட்டி என்று காதைக் கொண்டுபோனால் மீதியும் தெரிந்துவிடும். தள்ளி மூடும் ஜன்னல்கள் இதில் பெரிய குற்றவாளிகள். பலகை நகர வேண்டுமானால் இடைவெளி விட்டுத்தானே ஆக வேண்டும்? ரப்பர் விளிம்பில் அழுந்தி மூடும் கீல் ஜன்னல் எவ்வளவோ மேல்.

மேல்வீட்டு கிரைண்டர், நாற்காலி இழுக்கும் சத்தம், உலக்கைச் சத்தம் இவற்றுக்கு இந்தக் கணக்கும் உதவாது. அது காற்று வழியாக வருவதே இல்லை. தளம் அதிர்ந்து, சுவர்கள் அதிர்ந்து, நம் அறையே பேசுகிறது. சுவரில் காதை வைத்தால் சத்தம் பெரிதாகக் கேட்டால் இது அந்த வகை. நம் பக்கத்தில் எதைச் செய்தாலும் செலவு அதிகம், பலன் குறைவு. மேல்வீட்டுக்காரரிடம் நயமாகப் பேசி, கிரைண்டருக்கு அடியில் கெட்டியான ரப்பர் மேட்டும், நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட்டும் போடச் சொல்வதுதான் மலிவான வழி.

இனி ஃபோம் ஒட்ட வந்த காரணத்துக்கு வருவோம். கையைத் தட்டினால் ‘டிர்ர்’ என்று இழுக்கிறதா? அதைச் சரிசெய்வது சுலபம். பன்னிரண்டுக்குப் பத்தடி அறை வெறுமையாக இருந்தால், சாபின் சூத்திரப்படி, ஒலி அடங்க மூன்று விநாடி வரை பிடிக்கும். சுவரில் ஆறு சதுர மீட்டருக்கு ராக்வூல் பலகை மாட்டினால் அது முக்கால் விநாடிக்கு வந்துவிடும். கட்டிலும் துணியும் இருந்தால் இன்னும் குறைவு. முழுச் சுவரையும் மூட வேண்டியதில்லை. மெல்லிய ஃபோமில் இன்னொரு சிக்கல்: உச்ச ஒலிகளை விழுங்கிவிட்டு, கீழ் ஒலிகளைத் தொடாமல் விட்டுவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை மூன்றரை மீட்டர் நீளம். இரண்டு அங்குலம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அறை முழுக்க மெல்லிய ஃபோம் ஒட்டிப் பதிவு செய்த குரல், கம்பளிக்குள் இருந்து பேசுவதுபோல் மந்தமாக இருப்பதற்கு இதுதான் காரணம். நாலு அங்குலப் பலகையைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி மாட்டினால் அதே காசுக்கு இன்னும் கீழே வரை பிடிக்கும்.

இந்தப் பலகைகளால் பக்கத்து வீட்டுக்கும் ஒரு சிறு நன்மை உண்டு. உள்ளே ஒலி தேங்காததால் நம் பாட்டு மூன்று நான்கு டெசிபல் குறைந்து வெளியே போகும். அவர் புகாரை வாபஸ் வாங்க அது போதாது.

எந்த வேலையை முதலில் செய்வது? எப்போதும் கதவும் ஜன்னலும்தான். ஓட்டைகளை அடைத்ததும் அறை இன்னும் கூடுதலாகக் கணகணக்கலாம். பலகைகளை அதற்குப் பிறகு மாட்டினால் எத்தனை தேவை என்று சரியாகத் தெரியும். அடைத்த அறைக்குள் காற்றும் வராது என்பதை மறக்க வேண்டாம். ஸ்பிளிட் ஏ.சி. உள்ளே இருக்கும் காற்றையேதான் குளிர்விக்கிறது. நாலு மாணவர்களை உட்காரவைத்து வகுப்பு எடுப்பவர், அரை மணிக்கொரு தரம் அந்தக் கனமான கதவைத் திறந்தே ஆக வேண்டும்.