முதல் பத்து இழுப்புகளை நம்பாதீர்கள்

பள்ளிப் படகுக் குழுவில் புதிதாகச் சேர்ந்த மாணவி, துடுப்பு இயந்திரத்தில் 2000 மீட்டரை 8 நிமிடத்தில் முடிக்க நினைக்கிறாள். அப்படியானால் ஒவ்வொரு 500 மீட்டருக்கும் சராசரியாக 2 நிமிடம். திரையில் இந்த 500 மீட்டர் வேகம் ஒவ்வொரு இழுப்புக்கும் தெரியும்.

ஆபத்து தொடக்கத்தில்தான். தசைகளில் சேமிப்பாக இருக்கும் சக்தி முதல் சில விநாடிகளுக்குக் கைகொடுப்பதால், 1:45 வேகம்கூட எளிதாகத் தோன்றும். அதை நம்பி முதல் 500 மீட்டரை 1:50-இல் முடித்தால், அடுத்தவை 2:00, 2:08, 2:10 என்று சரியும். மொத்தம் 8:08. தொடக்கத்தில் சேமித்த 10 விநாடியும் போய், மேலும் 8 விநாடி நஷ்டம்.

அதற்குப் பதில், ஐந்தாறு வேகமான இழுப்புகளில் சக்கரத்தைச் சுழலவிட்டு, பத்தாவது இழுப்புக்குள் 2:00-க்கு இறங்கிவிட வேண்டும். முதல் பகுதி 2:00, நடுவில் இரண்டும் 2:01, கடைசி 1:58. கணக்கு சரியாக 8 நிமிடம்.

மிகக் கடினமானது மூன்றாவது 500. மூச்சு வாங்கும், முடிவும் கண்ணில் படாது. அப்போது பலர் நிமிடத்துக்கு 27 இழுப்பிலிருந்து 32-க்குத் தாவுவார்கள். இழுப்பு கூடியும் திரையில் வேகம் கூடவில்லை என்றால், கால்களால் தள்ளுவது குறைந்துவிட்டது என்று பொருள். எண்ணிக்கையைக் குறைத்து, கால்களை முழுதாக நீட்டித் தள்ளுங்கள். கடைசி 300 மீட்டரில் எண்ணிக்கையைக் கூட்டலாம்.